ஒரு கைமுட்டி உயரத்தில் துருவ வெள்ளி

நெடுந்தீவு
2026 பெப்ரவரி 2

அன்புள்ள பெற்றோருக்கு,

வருகிற 14ஆம் திகதி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்கள் பிள்ளைகளோடு மாவிலித்துறைக்கு மேற்கேயுள்ள கடற்கரைக்கு வாருங்கள். இறங்குதுறையின் வெளிச்சம் கண்ணில் படாத தூரத்தில் பாய் விரித்திருப்போம். ஒன்பதரை மணிக்கு எல்லாரும் வீடு திரும்பிவிடலாம். அமாவாசைக்கு மூன்று நாள் முந்திய இரவு என்பதால் நிலவின் தொந்தரவு இராது.

அன்றைக்கு வானத்தில் பார்க்க எத்தனையோ உண்டு. கிழக்கில் வியாழன் நல்ல உயரத்தில் பளிச்சென்று நிற்கும். ஆனால் நாங்கள் கூடுவது ஒரே ஒரு விண்மீனுக்காக. வடக்கே, கடலுக்குச் சற்று மேலே நிற்கும் துருவ நட்சத்திரத்தின் உயரத்தைப் பிள்ளைகள் தங்கள் கையால் அளக்கப் போகிறார்கள். அந்த ஒரு அளவிலிருந்து, எந்த வரைபடத்தையும் பார்க்காமல், நெடுந்தீவு உலக உருண்டையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள்.

அது எப்படி முடியும் என்று உங்கள் பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். பூமியின் சுழலச்சை வடக்கே நீட்டிக்கொண்டே போனால் அது துருவ நட்சத்திரத்துக்கு மிக அருகில் போய்ச் சேரும். வடதுருவத்தில் நிற்பவருக்கு அந்த நட்சத்திரம் நேரே உச்சந்தலைக்கு மேல், அதாவது 90 பாகை உயரத்தில் இருக்கும். பூமத்திய ரேகையில் நிற்பவருக்கு அது அடிவானத்தில் கிடக்கும். அவருக்கு உயரம் 0 பாகை. நடுவே எங்கே நின்றாலும் நட்சத்திரத்தின் உயரம் எத்தனை பாகையோ, அந்த இடத்தின் அகலக்கோடும் ஏறத்தாழ அத்தனை பாகை. வடக்கே 111 கிலோமீற்றர் போனால் நட்சத்திரம் ஒரு பாகை மேலே ஏறும். நெடுந்தீவில் அது சுமார் ஒன்பதரை பாகை. கையை நேரே நீட்டி முட்டி பிடித்தால், முட்டியின் அகலம் வானத்தில் கிட்டத்தட்ட 10 பாகையை மறைக்கும். சின்னப் பிள்ளைக்கு முட்டி சிறிது, கையும் குட்டை. ஆகவே அவர்களுக்கும் அதே 10 பாகைதான். அடிவானத்தில் முட்டியை வைத்தால் அதன் மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும்.

கடலோடிகள் இதை வைத்தே வழி கண்டார்கள். ஒரு சிறு பலகை, அதன் நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்டுவார்கள். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அகலக்கோட்டுக்கு வந்துவிட்டோம் என்று பொருள். பிறகு கிழக்கே அல்லது மேற்கே நேராக ஓடினால் துறை வந்துவிடும். அரபு மாலுமிகள் இதைக் கமால் என்றார்கள், தமிழ் மாலுமிகள் இராப்பலகை என்றார்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. புறப்பட்ட இடத்தில் ஒரு முட்டி உயரத்தில் நின்ற நட்சத்திரம், போய்ச் சேர்ந்த இடத்தில் நாலு முட்டிக்கும் மேலே நின்றிருக்கும்.

முட்டி அளவு தோராயமானது. அதனால் பிள்ளைகள் ஒரு கருவி செய்துகொண்டு வரவேண்டும். வீட்டில் கிடக்கும் மட்டைப் பெட்டியிலிருந்து 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கால் வட்டம் ஒன்றை வெட்டிக்கொள்ளட்டும். வளைந்த விளிம்பில் 0 முதல் 90 வரை பாகைகளைக் குறிக்கவேண்டும். இந்த அளவில் ஒரு பாகை அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக வரும் என்பதால் அரைப் பாகையைக்கூட வாசிக்கலாம். கடைகளில் விற்கும் சின்னப் பாகைமானியில் அது முடியாது. கால் வட்டத்தின் மூலையில் துளையிட்டு ஒரு நூலைத் தொங்கவிட்டு, நுனியில் தூண்டில் ஈயம் கட்டுங்கள். ஒரு நேர்விளிம்பின் நீளத்துக்குக் குளிர்பானக் குழாய் ஒன்றை ஒட்டுங்கள். குழாய் வழியாக நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நூல் எந்தக் கோட்டில் தொங்குகிறதோ அதுதான் உயரம். ஒருவர் பார்க்க, மற்றவர் நூலை விரலால் மட்டையோடு அழுத்திப் பிடித்து வாசிக்கவேண்டும். இந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான்.

இதில் எங்கே பிழை வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்கிறேன். வாசிப்பு 80 என்று வந்தால் எண்களை மறுமுனையிலிருந்து எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். மறுபடி வெட்ட வேண்டியதில்லை, 90இலிருந்து கழித்தால் போதும். இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாது. குழாய் சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தால் எல்லா அளவும் ஒரே அளவுக்குக் கூடியோ குறைந்தோ வரும். அதைப் பிடிக்கத்தான் உங்களை ஆறு மணிக்கே வரச் சொல்கிறேன். நமக்கு வடக்கே திறந்த கடல் இருக்கிறது. வெளிச்சம் போகுமுன் குழாய் வழியாகக் கடல் அடிவானத்தைப் பாருங்கள். நூல் 0இல் நிற்கவேண்டும். அரைப் பாகை தள்ளி நின்றால் அதைத் தாளில் எழுதி வைத்து, இரவு எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் திருத்திக்கொள்ளலாம். கொழும்பு நகரத்துக்குள் வாழும் பிள்ளைக்குக் கட்டிடங்கள் இதற்கு இடம் தராது. காற்றில் நூல் ஆடினால் ஈயத்தைத் தண்ணீர் நிறைத்த பேணிக்குள் தொங்கவிடுங்கள், ஆட்டம் அடங்கிவிடும்.

எட்டு மணிக்கு அளப்போம். காரணம் இருக்கிறது. துருவ நட்சத்திரம் மிகப் பிரகாசமானதல்ல. கடலோர ஈரக்காற்றில் இன்னும் மங்கித் தெரியும். அதை அடையாளம் காட்டச் சப்தரிஷி மண்டலத்தின் முதல் இரண்டு விண்மீன்கள் வேண்டும். எட்டு மணியளவில் அந்த இரண்டும் வடகிழக்கில் ஒரு முட்டிக்குச் சற்று மேலே, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அவற்றை இணைக்கும் கோட்டை இடது பக்கம் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். மேகம் மறைத்தால் வடமேற்கில் ஐந்து விண்மீன்கள் கோணல்மாணலாக நிற்கும் கசியோப்பியாவையும் துணைக்கு எடுக்கலாம். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். ஒரு தடவை கைபேசி வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து பழகவேண்டும். ரோச் லைற் கொண்டுவருபவர்கள் சிவப்புக் கண்ணாடித்தாளை அதன் முகப்பில் கட்டுங்கள்.

இப்போது கணக்கு. எல்லாம் சரியாகச் செய்தால் எட்டு மணிக்கு 10.1 பாகை வரவேண்டும். அதை 111ஆல் பெருக்கினால் நாம் பூமத்திய ரேகையிலிருந்து 1121 கிலோமீற்றர் வடக்கே நிற்பதாகும். வரைபடத்தில் பாருங்கள், அந்த இடம் கோடிக்கரைக்குத் தெற்கே நடுக்கடல்! பிள்ளைகள் பிழையாக அளக்கவில்லை. துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்தில் இல்லை, அதிலிருந்து 0.6 பாகை தள்ளி, முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. ஆகவே அதுவும் மற்ற விண்மீன்களைப் போல ஒரு நாளில் ஒரு சிறு வட்டம் சுற்றுகிறது. பெப்ரவரி நடுவில் முன்னிரவில் அது அந்த வட்டத்தின் மேற்பகுதியில் நிற்கும். அதுதான் நம்மைக் கடலில் தள்ளுகிறது.

இதைத் தீர்க்க, வட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு அது வரும்போது இன்னொரு தடவை அளக்கவேண்டும். அது விடியற்காலை நான்கு மணிக்கு வரும். பிள்ளைகளை நான்கு மணிக்கு எழுப்பச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ஆனால் மறுநாள் 15ஆம் திகதி ஞாயிறு சிவராத்திரி. எங்கள் பிள்ளைகளில் பலர் எப்படியும் கோயிலில் விழித்திருப்பார்கள். நித்திரை வராதிருக்க அங்குமிங்கும் ஓடித்திரிகிற அந்த நேரத்தில், மட்டைக் கருவியோடு கோயில் வீதியின் இருண்ட பக்கத்துக்கு அவர்களை அழைத்துப் போங்கள். இந்தக் கருவிக்கு அடிவானம் தேவையில்லை, வடக்குப் பக்கம் மரம் மறைக்காதிருந்தால் போதும். அந்த வேளையில் சப்தரிஷி வடக்கே உயர ஏறியிருக்கும். அதன் வாலில் நடுவில் நிற்கும் வசிட்டருக்குப் பக்கத்தில் மங்கலான சின்ன விண்மீன் ஒன்று தெரியும். கலியாணத்தில் பட்டப்பகலில் ஐயர் கைகாட்ட நீங்கள் தலையாட்டிய அருந்ததி அதுதான். அந்த இரவில் பிள்ளைகளோடு சேர்ந்து அதை உண்மையாகவே பாருங்கள்.

நான்கு மணிக்கு அளவு 9.0 பாகைக்கு இறங்கியிருக்கவேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9.55. நம் தீவின் அகலக்கோடு 9.52. மிச்சமிருக்கும் வித்தியாசம் சுமார் மூன்று கிலோமீற்றர்தான். அதற்கும் காரணம் உண்டு. தாழ்வான விண்மீனின் ஒளி காற்றுக்குள் வளைந்து வருவதால் அது இருப்பதைவிடக் கொஞ்சம் உயரத்தில் தெரிகிறது. நடைமுறையில் ஒவ்வொரு பிள்ளையின் அளவும் அரைப் பாகையோ ஒரு பாகையோ முன்னே பின்னே வரும். அதற்காக யாரும் எண்ணைத் திருத்தி எழுதவேண்டாம். எல்லாருடைய அளவையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது கூடியவையும் குறைந்தவையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். விடையைத் தெரிந்துகொண்டு 9.5 என்று எழுதிய தாள் ஒன்று கலந்தாலும் அந்தச் சராசரி கெட்டுவிடும்.

கடலுக்குப் போகும் அப்பாமாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அன்று தொழிலை விட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வர முடிந்தால், இரவில் எந்த வெள்ளியைப் பார்த்து எந்தப் பக்கம் படகைத் திருப்புவீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.

வெளிநாட்டில் சித்தப்பா, மாமி இருக்கிற பிள்ளைகள் அதே கிழமையில் அங்கேயுள்ள மச்சான் மச்சாள்மாரிடம் கேட்டு ஓர் அளவு வாங்கி வரலாம். ரொறன்ரோவில் 44 பாகைக்கு அருகிலும் லண்டனில் ஐம்பத்தொன்றரைக்கு அருகிலும் வரவேண்டும். மெல்பேணிலிருந்து பதில் வராது. அங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் யாராலும் அதைப் பார்க்க முடியாது.

ஒவ்வொரு தாளிலும் பெயரைவிட முக்கியமாக அளந்த நேரத்தையும், கருவி அடிவானத்தில் காட்டிய எண்ணையும் எழுதவேண்டும். இரண்டு இரவின் தாள்களையும் சிவராத்திரிக்குப் பிறகு பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் என்னிடம் தாருங்கள். 14ஆம் திகதி மேகம் மூடினால் 21ஆம் திகதி சனிக்கிழமை அதே இடத்தில் கூடுவோம். அன்று மேற்கே இளம்பிறை இருக்கும், ஆனாலும் அளக்கலாம். சப்தரிஷி அரை மணி முந்தி எழுந்துவிடும் என்பதால் ஏழரைக்கே ஆயத்தமாக இருங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்