ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ்: எந்த பில்லுக்கு கிளைம் போடலாம்?

ஸ்கூட்டர் பாலிசியைப் புதுப்பிக்கும்போது பலரும் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் செலுத்துகிறார்கள். வண்டி அடிபட்டால் நம் பையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைச் சொல்லும் மூன்று வரிகளையும் பார்க்க வேண்டும்.

மூன்றரை வயதான ஒரு ஸ்கூட்டர் கீழே விழுகிறது. முன் பேனல், மட்கார்டு போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 2,400 ரூபாய், இரும்புப் பாகங்கள் 1,600, கூலி 500 என்று ஒர்க்‌ஷாப்பில் 4,500 ரூபாய்க்கு பில் வருகிறது. சாதாரண பாலிசியில் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு எப்போதும் பாதி, அதாவது 1,200 ரூபாய். இந்த வயது வண்டியின் இரும்புக்கு 25 சதவீதம், அதாவது 400 ரூபாய். கூலியில் கழிவு இல்லை.

அடுத்தது டிடக்டிபிள். ஒவ்வொரு கிளைமிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு இது. இரு சக்கர வண்டிக்குக் கட்டாயப் பங்கு 100 ரூபாய். ஆக, நாம் கட்டுவது 1,700 ரூபாய். ஜீரோ டிப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் தேய்மானம் கழியாது. 100 ரூபாயோடு முடியும். பிரீமியம் குறையும் என்று டிடக்டிபிளை நாமாக 1,000 ரூபாய் கூட்டிக்கொண்டால், அந்தத் தொகையும் நம் தலையில் விழும்.

ஜீரோ டிப்ரிசியேஷன் இருக்கிறதே என்று சின்னக் கீறலுக்கும் கிளைம் போடக் கூடாது. நோ கிளைம் போனஸ் போய்விடும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு வரிசையாக 20, 25, 35, 45, 50 சதவீதம் கிடைக்கும் தள்ளுபடி இது. மூன்றாம் நபர் பிரீமியத்துக்குப் பொருந்தாது. நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டுமே கழியும்.

அந்தப் பிரீமியம் 800 ரூபாய், இப்போதைய போனஸ் 35 சதவீதம் என்று வையுங்கள். கிளைம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45 சதவீதம், 360 ரூபாய் மிச்சம். போட்டால் போனஸ் பூஜ்யமாகி, 20-லிருந்து மறுபடி ஏற வேண்டும். பிரீமியம் மாறாது என்று கொண்டால், பழைய நிலைக்கு வரும்வரை மொத்த இழப்பு சுமார் 960 ரூபாய். ஆகவே 700 ரூபாய் கண்ணாடிக்குக் கைக்காசு போடுவதே லாபம்; 4,500 ரூபாய் பில்லுக்குத் தயங்காமல் கிளைம் போடலாம்.

பாலிசி முடிந்து 90 நாளைத் தாண்டினாலும் போனஸ் போய்விடும். கம்பெனி மாறும்போது, கிளைம் போட்டதை மறைத்து போனஸ் வாங்காதீர்கள். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும், பிறகு உங்கள் சேதத்துக்கான இழப்பீடே கைநழுவலாம்.