சுடோகுவுக்கு இரண்டு விடையா?

(சென்ற இதழில் வந்த சுடோகுவுக்கு இரண்டு விடைகள் இருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். புதிர்ப் பக்க ஆசிரியர் அவருக்கு எழுதிய பதிலை மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதமும், கூடவே கோடு போட்ட தாளில் நீங்கள் வரைந்து அனுப்பிய இரண்டு விடைகளும் கிடைத்தன. அச்சில் நாங்கள் தந்த எண்களைச் சிவப்பிலும், நீங்கள் நிரப்பியவற்றை நீலத்திலும் எழுதியிருந்தீர்கள். அதனால் உங்கள் வழியைப் படிப்படியாகப் பின்தொடர முடிந்தது. 'இரண்டு விடை வருகிறது' என்று ஒற்றை வரியில் வரும் கடிதங்களை வைத்துக்கொண்டு எதையுமே சரிபார்க்க இயலாது.

நீங்கள் சொல்வது இது. உங்கள் முதல் விடை, நாங்கள் வெளியிட்டதேதான். அதில் 2ஆம் வரிசையின் 3ஆம் கட்டத்தில் 4, 8ஆம் கட்டத்தில் 9. ஆறாம் வரிசையில் அதே இடங்களில் தலைகீழாக, 3ஆம் கட்டத்தில் 9, 8ஆம் கட்டத்தில் 4. இந்த நான்கும் நாங்கள் காலியாக விட்ட கட்டங்கள். நான்கிலும் 4 இருந்த இடத்தில் 9, 9 இருந்த இடத்தில் 4 என்று மாற்றி எழுதினால் இரண்டாவது விடை கிடைக்கிறது. எல்லா வரிசைகளின் கூட்டுத்தொகையும் குறுக்கிலும் நெடுக்கிலும் முன்போலவே 45 வருகிறது என்கிறீர்கள்.

கூட்டல் சரிதான். குறுக்கு வரிசை எதிலும் எண் இரட்டிக்கவில்லை, நெடுக்கு வரிசையிலும் இரட்டிக்கவில்லை. அதையும் நான் பார்த்துவிட்டேன். ஆனால் சுடோகுவுக்கு மூன்றாவதாக ஒரு விதி உண்டு. தடித்த கோட்டால் பிரித்த ஒன்பது பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறைதான் வரவேண்டும். உங்கள் விடையின் இடதுபக்க மேல் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாற்றுவதற்கு முன் அது இப்படி இருந்தது:

```
1 8 3
7 2 4
9 5 6
```

மாற்றிய பிறகு:

```
1 8 3
7 2 9
9 5 6
```

ஒரே பெட்டியில் இரண்டு 9 வந்துவிட்டன, 4 காணாமல் போய்விட்டது. கடைசி வரிசையில் இருக்கும் 9 நாங்களே அச்சில் தந்தது. அதை நீங்கள் நகர்த்தவும் முடியாது. நீங்கள் தொட்ட நான்கு கட்டங்களும் நான்கு வெவ்வேறு பெட்டிகளில் இருப்பதால், இதே சங்கடம் மற்ற மூன்று பெட்டிகளிலும் நேர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் இரண்டாவது விடை விடையாகாது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் நோக்கிய இடம் மிகச் சரியான இடம்.

சுடோகு அமைக்கிறவர்கள் முதலில் பயப்படுவதே இந்த நான்கு கட்டச் செவ்வகத்துக்குத்தான். உங்கள் செவ்வகம் நான்கு பெட்டிகளில் பரவாமல் இரண்டே பெட்டிகளுக்குள் அடங்கியிருந்தால், நீங்கள் சொன்னது உண்மையாகியிருக்கும். வேறொரு புதிரின் நடுப்பகுதியிலிருந்து 4ஆம், 5ஆம் வரிசைகளை மட்டும் காட்டுகிறேன்:

```
5 3 1 | 9 7 2 | 8 6 4
6 8 2 | 4 1 5 | 3 9 7
```

இரண்டாவது கட்டத்தில் மேலே 3, கீழே 8. ஏழாவது கட்டத்தில் மேலே 8, கீழே 3. இந்த நான்கையும் மாற்றிப் போடுங்கள். மேல் வரிசையில் 3ம் 8ம் தங்களுக்குள் இடம் மாறுகின்றன, கீழ் வரிசையிலும் அப்படியே. நெடுக்கில் பார்த்தாலும் 3ம் 8ம் மேலும் கீழுமாக மாறுகின்றன, அவ்வளவுதான். பெட்டிகள்? இடதுபக்கப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு 3, ஒரு 8. மாற்றிய பிறகும் ஒரு 3, ஒரு 8. வலதுபக்கப் பெட்டியிலும் அதே கதை. எந்த விதியும் உடையவில்லை. இரண்டும் நேர்மையான விடைகள்.

எனவே விடையில் இப்படி ஒரு செவ்வகம் அமைந்துவிட்டால், அந்த நான்கு கட்டங்களில் ஒன்றையாவது அச்சில் தந்தே ஆகவேண்டும். ஒன்று தெரிந்தால் மற்ற மூன்றும் தாமாக நிலைத்துவிடும். நான்கையும் காலியாக விட்டால், மீதி 77 கட்டங்களையும் நிரப்பிக் கொடுத்தாலும் புதிருக்கு இரண்டு விடை இருக்கும். யோசித்துப் பாருங்கள்: 81 கட்டங்களில் 77 கைக்கு வந்த பிறகும் விடை முடிவாகவில்லை!

இது உங்கள் கடிதத்தின் இரண்டாவது வாதத்துக்கு என்னைக் கொண்டுவருகிறது. 'வெறும் 24 எண்களைத் தந்தால் பல விடைகள் வரத்தானே செய்யும்' என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. வெறும் 17 எண்களோடு ஒரே விடை உள்ள சுடோகுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பதினாறில் முடியுமா என்ற கேள்வி வெகுகாலம் திறந்தே கிடந்தது. டப்ளினில் கேரி மெக்குவயர் என்ற கணித ஆய்வாளர் தம் குழுவினரோடு கணினியில் விடாமல் தேடி, 16 எண்களோடு ஒரே விடை தரும் சுடோகு கிடையாது என்று 2012இல் அறிவித்தார். அவருடைய தேடல் நகர்ந்த விதத்துக்கும் மேலே நாம் பார்த்த செவ்வகத்துக்கும் நேரடி உறவு உண்டு. முழு விடை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் இப்படி மாற்றிப்போடக்கூடிய கட்டக் கூட்டங்களையெல்லாம் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கட்டமாவது அகப்படும்படி 16 கட்டங்களைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. அதுதான் அவர்கள் செய்த வேலை.

எத்தனை எண்கள் என்பதைவிட எந்தெந்த எண்கள் என்பது முக்கியம். அச்சில் தந்தவற்றில் 4ம் இல்லை, 9ம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையில் உள்ள ஒன்பது 4களையும் 9 ஆக்கி, ஒன்பது 9களையும் 4 ஆக்கினால் எந்த விதியும் மீறப்படாது. தந்த எண் எதுவும் கலையவும் கலையாது. அப்போது இரண்டு விடை நிச்சயம். அதனால் தந்த எண்களுக்குள் குறைந்தது எட்டு வெவ்வேறு எண்கள் இருக்கவேண்டும். எங்கள் புதிரில் ஒன்பதுமே இருந்தன. பிற இதழ்களில் வரும் சுடோகு மீது சந்தேகம் எழுந்தால், முதலில் இதை எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இதில் பெரிய இடங்களும் சறுக்கியிருக்கின்றன. 2005இல் இங்கிலாந்தில் சுடோகு மோகம் உச்சத்தில் இருந்தபோது, ஸ்கை ஒன் தொலைக்காட்சி பிரிஸ்டலுக்கு அருகே சிப்பிங் சாட்பரியில் ஒரு குன்றின் சரிவில் 275 அடி நீள அகலத்தில் சுடோகு ஒன்றைச் செதுக்கி, உலகிலேயே பெரியது என்று விளம்பரம் செய்தது. பிறகு சரிபார்த்தபோது அதற்கு 1,905 விடைகள் இருப்பது தெரியவந்தது.

எங்கள் புதிருக்கு ஒரே விடைதான் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு சுடோகுவையும் கணினியில் ஒரு நிரலுக்குக் கொடுக்கிறோம். அந்த நிரல் முதல் விடை கிடைத்ததும் நிற்பதில்லை. கிடைத்த விடையை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொன்று உண்டா என்று மிச்சமிருக்கும் எல்லா வழிகளையும் முயன்று, வழியே இல்லை என்ற பிறகுதான் நிற்கும். முதல் விடையோடு நின்றுவிடும் நிரல் 'விடை உண்டு' என்று மட்டுமே சொல்லும். 'வேறு விடை இல்லை' என்று சொல்லாது. அச்சுக்குப் போகும் பக்கத்திலிருந்தே எண்களைப் பார்த்து மறுபடி உள்ளிடுவதும் வழக்கம். பக்க வடிவமைப்பில் ஓர் எண் விடுபட்டாலும் ஒரு விடை பலவாகிவிடலாம்.

கணினி இல்லாமலும் இதை நிரூபிக்கலாம், ஐயா. அது உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் 'இங்கே இந்த எண் தவிர வேறு வரவே முடியாது' என்ற காரணத்தோடு நிரப்பிக்கொண்டு போய்க் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டால், அந்தப் பயணமே ஒரே விடை என்பதற்கான நிரூபணம். எங்கேயாவது '5 ஆக இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம், 5 போட்டுப் பார்ப்போம்' என்று ஊகித்து முடித்திருந்தால் நிரூபணம் அரைகுறைதான். திரும்பி வந்து 7ஐயும் போட்டு, அது எங்கோ முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால்தான் முழுமையாகும். உங்கள் தாளில் ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் அழித்த தடம் தெரிகிறது. அந்த இடத்தில் மற்ற எண்ணையும் முயன்று பார்த்தீர்களா?

தேர்ந்த வாசகர்கள் கையாளும் ஒரு தந்திரத்தைப் பற்றியும் இங்கே எச்சரிக்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கிய செவ்வகம் ஒன்றில் எல்லாமே காலிக் கட்டங்கள். மூன்றில் 3 அல்லது 8 மட்டுமே வரலாம், நான்காவதில் 3, 8, 5 மூன்றில் எதுவும் வரலாம் என்ற நிலை. 'நான்காவதிலும் 3, 8 என்றால் இரண்டு விடை வந்துவிடும். இதழ்க்காரர் அப்படித் தரமாட்டார். ஆகவே 5' என்று எழுதிவிடுவார்கள். புதிரை விடுவிக்க இது நல்ல குறுக்கு வழி. ஆனால் ஒரே விடை என்பதைச் சோதிக்கிறவர் இதைத் தொடவே கூடாது. எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே முன்கூட்டி நம்பிவிட்டதாக ஆகிவிடும்.

இனி எந்தப் புதிரிலாவது உங்களுக்கு இரண்டாவது விடை தென்பட்டால், இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் கட்டங்களை மட்டும் வட்டமிடுங்கள். அச்சில் தந்த எண் எதுவும் வட்டத்துக்குள் வரக்கூடாது. வட்டமிட்ட கட்டங்கள் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் இரு விடைகளிலும் அதே எண்கள்தான் இடம் மாறியிருக்க வேண்டும், புதிய எண் ஒன்றும் நுழைந்திருக்கக் கூடாது. வரிசைகளுக்கும் இதேதான். கூட்டுத்தொகையை நம்ப வேண்டாம். 4ம் 6ம் இருக்கவேண்டிய வரிசையில் இரண்டு 5களைப் போட்டு எழுதினாலும் 45தான் வரும். இந்தச் சோதனையில் தேறினால், இரண்டு விடைகளையும் இதேபோல இரண்டு நிறங்களில் எழுதி அனுப்புங்கள். அப்படியொன்று வந்தால் இரண்டையும் இந்தப் பக்கத்தில் அச்சிடுவோம்.

அன்புடன்,
புதிர்ப் பக்க ஆசிரியர்