கோப்பா, நேரடி வினவலா?

டாஷ்போர்டுக்கான எண்களை ஒவ்வொரு ஓட்டத்திலும் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். பக்கம் திறக்கும்போதெல்லாம் தரவுத்தளத்தையே கேட்கவும் செய்யலாம். மூலத் தரவு எப்போது மாறுகிறது என்பதே இங்கே முதல் கேள்வி. விற்பனைக் கணக்கு இரவு 2 மணிக்கு ஒருமுறைதான் சேர்கிறது என்றால், பகல் முழுக்க நேரடியாகக் கேட்டாலும் அதே எண்தான் வரும். 8 வரைபடங்கள் உள்ள பக்கத்தை 10 பேர் திறந்து வைத்து, அது நிமிடத்துக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டால், மணிக்கு 4,800 வினவல்கள் வீணாகும்.

கோப்பின் ஆபத்து வேறு வகை. இரவு வேலை நின்றுபோனாலும் பக்கம் பழைய எண்களைக் குறையின்றிக் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே கடைசிப் பதிவின் நேரத்தையும் கோப்பில் எழுதி, அது 26 மணி நேரத்தைத் தாண்டினால் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை காட்ட வேண்டும். பாதி எழுதிய கோப்பு வாசகர் கண்ணில் படாதிருக்க, தற்காலிகப் பெயரில் எழுதி, பிழையின்றி முடிந்த பிறகே பெயர் மாற்றுவது நல்லது:

```
python build.py > data.tmp && mv data.tmp data.json
```

கிடங்கு இருப்பு போல நிமிடந்தோறும் மாறும் எண்களுக்கும், பார்ப்பவர் விரும்பிய தேதிகளைத் தேர்ந்து அலசும் பக்கங்களுக்கும் நேரடி வினவலே பொருந்தும். அங்கே வாசிப்பு உரிமை மட்டுமுள்ள தனிக் கணக்கும், வினவலுக்கு நேர வரம்பும் அவசியம். இல்லாவிட்டால் ஒரே ஒரு கனமான வினவல் பில் போடும் வேலையையே தாமதப்படுத்திவிடும்.