வாட்சப் ஆர்டரை ஆர்டர் உறுதிச்சீட்டாக மாற்றுதல்

ஆர்டர் உறுதிச்சீட்டு என்பது, வாங்குபவர் கேட்ட சரக்கை என்ன அளவில், என்ன விலையில், எந்தத் தேதியில் தரப்போகிறோம் என்று விற்பவர் எழுதி அனுப்பும் குறிப்பு ஆகும். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் உள்ள பெரிய வாகன, மின்னணு ஆலைகள் எண்ணிட்ட கொள்முதல் ஆணை வழியாகவே வாங்குகின்றன. ஆனால் சிறு பட்டறைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் இடையே ஆர்டர் பெரும்பாலும் வாட்சப் செய்தியாகவோ குரல் பதிவாகவோதான் வருகிறது. அதை உறுதிச்சீட்டாக மாற்றும் முறையை அட்டைப்பெட்டித் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கொண்டு இங்குக் காணலாம். குறிப்பிட்ட அளவில் வெட்டி, பெயர் அச்சிட்ட பெட்டியை வேறு ஒருவருக்கு விற்க முடியாது என்பதால், இத்தொழிலில் தவறான ஆர்டர் நேரடி நட்டமாகிறது.

எடுத்துக்காட்டு

ஜூன் 10, புதன்கிழமை, ஒரு மொத்த வியாபாரி பெட்டி செய்பவருக்கு இவ்வாறு எழுதுகிறார் என்று கொள்வோம்:

"அண்ணே, போன தடவை அடிச்ச 5 பிளை பெட்டி 80 கட்டு வேணும். ரேட் அதே. பாதி அடுத்த வெள்ளி, மீதி அதுக்கு அடுத்த வாரம்."

எழுதியவருக்கு இது தெளிவான செய்திதான். ஆனால் இதில் நான்கு இடங்களில் இரு பொருள் உண்டு.

அளவு: ஒரு கட்டில் 20 பெட்டி என்றால் மொத்தம் 1,600, 25 என்றால் 2,000. உறுதிச்சீட்டில் கட்டுக் கணக்கோடு பெட்டி எண்ணிக்கையும் வர வேண்டும்.

பொருள்: "போன தடவை" என்பதற்குப் பதிலாக, பழைய பில்லைப் பார்த்து நீளம், அகலம், உயரத்தை எழுத வேண்டும். அவை உள்ளளவா வெளியளவா என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து அடுக்கு அட்டை தடிமனானது. வெளியளவை உள்ளளவாக எடுத்துக்கொண்டால் பெட்டி பெரிதாகி, உள்ளே பொருள் ஆடும். உள்ளளவை வெளியளவாக எடுத்துக்கொண்டால் பொருள் உள்ளே போகாது.

விலை: முன்பு பெட்டி ரூ. 28.50, தாள் விலை ஏறியதால் இப்போது ரூ. 30. சரக்கு மற்றும் சேவை வரி, வண்டி வாடகை, இறக்குகூலி ஆகியவை இதில் அடங்குமா என்பதும் செய்தியில் இல்லை.

தேதி: புதன்கிழமை சொல்லும் "அடுத்த வெள்ளி" ஜூன் 12 ஆகவும் இருக்கலாம், 19 ஆகவும் இருக்கலாம்.

உறுதிச்சீட்டின் வடிவம்

மேற்கண்ட செய்திக்கான சீட்டு, அதே வாட்சப் உரையாடலிலேயே இப்படி அமையலாம்:

ஆர்டர் எண் 41, நாள் ஜூன் 10
பொருள்: 5 பிளை பெட்டி, உள்ளளவு 400 × 300 × 250 மி.மீ., பழைய அச்சு
அளவு: 80 கட்டு × 20 = 1,600 பெட்டி
விலை: பெட்டி ரூ. 30 (முன்பு ரூ. 28.50), மொத்தம் ரூ. 48,000, வரி தனி
வண்டி வாடகை எங்களுடையது, இறக்குகூலி உங்களுடையது
முதல் நடை: ஜூன் 19, வெள்ளி – 800 பெட்டி
இரண்டாம் நடை: ஜூன் 26, வெள்ளி – 800 பெட்டி
பணம்: ஒவ்வொரு நடையும் வந்த நாளிலிருந்து 30 நாளில்
"ஆர்டர் 41 சரி" என்று பதில் வந்த பிறகே தாள் வெட்டப்படும்.

விலை மாறியதை அடைப்புக்குறிக்குள் மறைக்காமல் காட்டியிருப்பதைக் கவனிக்கலாம். பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் என்பது மொத்தத்தில் ரூ. 2,400. இதைப் பில்லில்தான் முதலில் பார்க்கிறார் என்றால் வியாபாரி பணத்தைப் பிடித்துக்கொள்வார்.

சட்ட நிலை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 7-ஆம் பிரிவின்படி ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். எனவே "ரேட் அதே" என்றவருக்கு ரூ. 30 என்று அனுப்பும் சீட்டு ஏற்பு அன்று. அது ஓர் எதிர் முன்மொழிவு. வியாபாரி ஒப்புக்கொண்டால்தான் ஒப்பந்தம் உருவாகிறது. மின்னணு வழியில் உருவானது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு கூறுகிறது.

பதிலாக வெறும் கட்டைவிரல் படம் வந்தால் என்ன என்ற கேள்வி கனடாவின் சஸ்காச்சுவான் மாநில நீதிமன்றத்தில் எழுந்தது. ஆளி விதை ஒப்பந்தத்துக்கு அப்படத்தைப் பதிலாக அனுப்பிய விவசாயி, அதைக் கிடைத்த தகவலுக்கான குறிப்பு மட்டுமே என்றார். அவர் முன்பும் ஓரிரு சொற்களில் பதிலளித்தே ஒப்பந்தங்களை நிறைவேற்றியிருந்தார் என்பதைக் கருதி, 2023-இல் நீதிமன்றம் அதை ஏற்பாகவே கொண்டது. இத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆர்டர் எண்ணுடன் "சரி" என்று எழுத்தில் பெறுவது இந்த வாதத்துக்கே இடம் வைக்காது.

பணம் தரும் நாளை எழுதுவதற்கும் காரணம் உண்டு. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கான தவணையை எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது 45 நாளைத் தாண்டக்கூடாது.

பிந்தைய மாற்றங்கள்

"முதல் நடைல 200 கூட போடுங்க" என்று தொலைபேசியில் சொன்னால், பழைய சீட்டைத் திருத்தாமல் "ஆர்டர் 41, திருத்தம் 1" என்று முழுச் சீட்டையும் புதிதாக அனுப்புவது நல்லது. அந்த 200 கூடுதலா, இரண்டாம் நடையிலிருந்து முன்னே வருவதா என்பது அப்போதுதான் வெளிப்படும்: மொத்தம் 1,800 ஆகிறதா, 1,600 ஆகவே நிற்கிறதா என்று வியாபாரியே பார்த்துச் சொல்லிவிடுவார்.