எடிட்டரில் வெளிச்சம், போனில் இருட்டு

ஓர் இருண்ட குகை. சுவரில் செருகிய தீப்பந்தத்தைச் சுற்றிப் பாறை பளிச்சென்று தெரிகிறது. தள்ளியிருக்கும் மூலையில் கற்களின் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிய, அங்கே ஒரு படிக்கட்டு இறங்குவதை விளையாடுபவர் ஊகித்துக்கொள்ளலாம். யூனிட்டி எடிட்டரில் இப்படி அழகாக அமைந்த இருபரிமாணக் காட்சியைப் போனில் ஏற்றிப் பார்த்தால் படிக்கட்டைக் காணோம். பந்தத்தின் ஒளியும் சோர்ந்து கிடக்கிறது. கேம் செய்பவர்கள் பலரும் உடனே எல்லா விளக்குகளின் அளவையும் கூட்டிவிடுவார்கள். அப்போது படிக்கட்டு தெரியும், ஆனால் குகை குகையாக இருக்காது. அதோடு, படிக்கட்டு மறைந்ததற்கும் பந்தம் சோர்ந்ததற்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த விளக்குகள் வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். இருபரிமாண கேமில் பாறை என்பது தட்டையான ஓவியம். அதன் மேல் உண்மையில் வெளிச்சம் விழுவதில்லை. யூனிட்டி, விளக்குகளை மட்டும் தனியே ஒரு படமாக வரைந்துகொள்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு ஒளி என்ற கணக்கு அந்தப் படத்தில் இருக்கும். பிறகு ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒளிப்படத்தின் அதே புள்ளியால் பெருக்குகிறது. காட்சி முழுவதும் பரவும் அடிப்படை ஒளிக்கு `Global Light 2D` என்று பெயர். நம் குகையில் அதன் அளவு 0.05. பந்தத்தின் அளவு 3.

பாறையின் நிறத்தை ஓவியர் 0 முதல் 255 வரையுள்ள அளவில் 137 என்று வைத்திருக்கிறார். இந்த 137 ஒளியின் நேர் அளவு அல்ல. திரைக்குப் போகும் எண்கள் நம் கண்ணின் சுபாவத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. 137 என்ற எண், திரை தரக்கூடிய முழு ஒளியில் கால் பங்கைத்தான் குறிக்கிறது. லீனியர் முறையில் அமைத்த திட்டத்தில் யூனிட்டி அந்தக் கால் பங்கை எடுத்துத்தான் பெருக்கும். பந்தத்தின் அருகில் 0.25 × 3 = 0.75, திரையில் அது 225 என்ற எண். மூலையில் 0.25 × 0.05 = 0.0125, திரையில் 29. எடிட்டரில் நன்றாகத் தெரிந்த படிக்கட்டு இந்த 29-ல்தான் இருக்கிறது. எண்ணாகப் பார்த்தால் 255-ல் பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஒளியாகப் பார்த்தால் நூற்றில் ஒன்றேகால் பங்கு.

இனி சோதனை. விளக்கு எதையும் தொடாமல், போனில் அந்தக் காட்சியை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். கேபிளில் இணைத்திருந்தால் ஒரு வரி போதும்:

```
adb exec-out screencap -p > phone.png
```

எடிட்டரின் `Game` சாளரத்தையும் அதே நிலையில் படமெடுத்து, இரண்டையும் பட மென்பொருளில் திறந்து, பந்தத்தின் அருகே ஒரு புள்ளி, மூலையில் ஒரு புள்ளி என எண்களைப் படித்துப் பாருங்கள். (`Scene` சாளரத்தை நம்பவேண்டாம், அதில் விளக்குகளை அணைத்துப் பார்க்கும் பொத்தான் தனியாக உண்டு.) ஸ்க்ரீன்ஷாட்டில் கேம் வரைந்த எண்கள்தான் இருக்கும். திரையின் பிரகாசம், கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு எதுவும் அதில் வராது. ஆகவே எண்கள் ஒன்றாக இருந்தால் கேம் சரியாகத்தான் வரைகிறது, கோளாறு கண்ணாடிக்கு வெளியே. எண்கள் வேறாக இருந்தால் கோளாறு பில்டுக்குள்.

மூலையில் இரண்டு படத்திலும் 29 என்றே வருவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் படிக்கட்டு எங்கே போயிற்று? போனின் பளபளப்பான கண்ணாடி, தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றில் நான்கைந்து பங்கைத் திருப்பி அனுப்பும். வெளிச்சமான அறையில் நமக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரின் ஒளிர்வு 100 நிட் என்றால், கண்ணாடியில் நாம் பார்க்கும் அதன் நிழலுரு நான்கு, ஐந்து நிட் இருக்கும். தானியங்கி பிரகாசத்தில் திரை 150 நிட்டில் ஓடுகிறது என்றால், படிக்கட்டுக்குக் கிடைப்பது அதில் நூற்றில் ஒன்றேகால், அதாவது இரண்டு நிட்டுக்கும் குறைவு. படிக்கட்டைவிடச் சுவரின் பிரதிபலிப்பு இரண்டு மடங்கு பிரகாசம். பகலில் வெளியே போனால் கேட்கவே வேண்டாம்: வானத்தின் பிரதிபலிப்பே 200 நிட்டைத் தொடும், திரையை 600 நிட்டுக்கு ஏற்றினாலும் படிக்கட்டுக்கு ஏழெட்டு நிட்தான். கேம் செய்தவரோ பிரதிபலிப்பைச் சிதறடிக்கும் மங்கலான பரப்புள்ள மானிட்டரில், திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில், மாதக்கணக்கில் அதே குகையைப் பார்த்துப் பழகியவர். படிக்கட்டு எங்கே என்று அவருக்கு முன்பே தெரியும். என் கணிப்பில், போனில் இருட்டு என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த வகைதான். யூனிட்டியைத் திட்டிப் பயனில்லை.

இதற்குப் பந்தத்தைக் கூட்டுவது மருந்தல்ல, அது ஏற்கெனவே வெளிச்சமான இடத்தையே மேலும் வெளிச்சமாக்கும். உயர்த்த வேண்டியது தரைமட்டத்தை. `Global Light 2D` அளவை 0.05-லிருந்து 0.12 ஆக்கினால் மூலையின் எண் 29-லிருந்து 48 ஆகிறது. அதே அறையில் அது நாலரை நிட், பிரதிபலிப்புக்கு ஏறத்தாழ சமம். படிக்கட்டு மங்கலாகத் தெரியும், குகையும் குகையாகவே இருக்கும். இதற்கும் கீழே போகும் எதையும் அலங்காரம் என்று மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. விளையாடுபவர் கண்டே ஆகவேண்டிய பொருளை அங்கே வைக்கக் கூடாது.

எண்கள் வேறாக வந்தால் அடுத்த கேள்வி, எந்த இடத்தில் வேறாகின்றன என்பது. மூலையில் இரண்டிலும் 29, பந்தத்தின் அருகில் மட்டும் எடிட்டரில் 225, போனில் 137 என்று வந்தால், துப்பு அந்த 137-லேயே இருக்கிறது. ஓவியர் வைத்த அசல் நிறம் அது. 3 என்ற பந்தம் போனில் 1 ஆகிவிட்டது என்று பொருள்.

காரணம், ஒளியைச் சேமிக்கும் அந்தத் தனிப்படம். கணினியின் கிராஃபிக்ஸ் சிப்பில் அதற்கு 1-ஐ மீறிய எண்களையும் தாங்கும் வடிவம் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டுக்கென்று திட்டத்தை மாற்றி வைத்திருந்தாலும் எடிட்டருக்குள் காட்சியை வரைவது கணினியின் சிப்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 2015-ல் வந்த OpenGL ES 3.2 முதல் அத்தகைய வடிவில் வரைவது கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய தரத்தில் நின்றுவிட்ட மலிவுப் போன்களில் அது இருக்கும் என்ற உறுதியில்லை. இல்லாத போனில் ஒளிப்படம் 0 முதல் 1 வரைதான் கொள்ளும். ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் மூன்று படி ஊற்றினால் இரண்டு படி வழிந்தோடுவதுபோல, மீதி ஒளி காணாமல் போகிறது. கண்ணாலும் இதைக் கண்டுபிடிக்கலாம்: நடுவிலிருந்து படிப்படியாக மங்க வேண்டிய ஒளிவட்டம், நடுவில் தட்டுப்போலத் தட்டையாக நிற்கும். நண்பரின் புதுப் போனில் சரியாகவும் இன்னொருவரின் பழைய போனில் இருட்டாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதிசெய்ய, கேமில் இந்த வரிகளைச் சேர்த்து ஓட்டினால் போதும்:

```csharp
Debug.Log(SystemInfo.SupportsRenderTextureFormat(
    RenderTextureFormat.RGB111110Float));
Debug.Log(SystemInfo.SupportsRenderTextureFormat(
    RenderTextureFormat.ARGBHalf));
```

இரண்டுக்கும் `False` என்று வந்தால் வழிந்தது அங்கேதான்.

யூனிட்டி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2D ரெண்டரரின் அமைப்பில் `HDR Emulation Scale` என்ற எண்ணை 3 ஆக்கினால், ஒளிகளை மூன்றால் வகுத்துச் சேமித்து, பெருக்கும்போது மீட்டுக்கொள்ளும். பந்தம் பழையபடி எரியும். ஆனால் இருக்கும் 255 படிநிலைகளை இப்போது மூன்று மடங்கு நீளத்துக்குப் பங்கிட வேண்டும். 0.05 என்ற மூலை ஒளிக்கு முன்பு பன்னிரண்டு, பதின்மூன்று படிநிலைகள் இருந்தன, இனி நான்குதான். விளைவாக, இருட்டை நோக்கி மெல்ல மங்கும் இடத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். குகைக் காட்சியில் அது கண்ணை உறுத்தும். ஆகவே எனக்குப் பிடித்தது வேறு வழி: பாறை ஓவியத்தையே 188 அளவுக்கு வெளுப்பாக வரைந்து, பந்தத்தை 1-க்குள் வைத்துக்கொள்வது. பந்தத்தின் அருகில் 225-க்குப் பதில் 188 கிடைக்கும். ஆனால் பழைய போன், புதுப் போன், எடிட்டர் மூன்றிலும் அதே 188. பாறை வெளுத்ததால் மூலையும் வெளுக்கும், அதற்கேற்ப அடிப்படை ஒளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வெளிச்சமான இடம், இருண்ட இடம் எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் விளக்குகளை விட்டுவிட்டு `Quality` பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே தர வரிசைகள் பல உண்டு. எடிட்டர் ஓடுவது அப்போது தேர்வாகியிருக்கும் வரிசையில். போன் ஓடுவது ஆண்ட்ராய்டு கட்டத்தில் பச்சைக்குறி விழுந்த வரிசையில். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெண்டர் பைப்லைன் அமைப்பைக் கொடுக்கலாம். போனுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று யாராவது அதில் போஸ்ட் ப்ராசஸிங்கை நீக்கியிருப்பார்கள். காட்சிக்கு `Post Exposure` +1 போட்டிருந்தால் அது ஒளியை இரட்டிப்பாக்கும். நீங்கியதும் எங்கும் சரிபாதி. எடிட்டரில் 188 காட்டிய புள்ளி போனில் 137 காட்டும். எடிட்டரில் ஆண்ட்ராய்டின் வரிசையைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் இந்த இருட்டு கணினியிலேயே வந்துவிடும், போனைத் தொடவே வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு பல கேம்கள் தொடக்கத்தில் ஒரு பிரகாசக் கோலை வைத்து, விளையாடுபவரையே சரிசெய்துகொள்ளச் சொல்கின்றன. பிரதிபலிப்பால் வரும் இருட்டுக்கு அது நியாயமான தீர்வு. பேருந்தின் ஜன்னலோரத்தில் விளையாடுபவரின் வெளிச்சம் கேம் செய்தவருக்குத் தெரியாது. அந்தக் கோலை `Global Light 2D` அளவோடு இணைப்பது நல்லது. முழுப் படத்தையும் வெளுக்கும்படி இணைத்தால், எந்த ஒளியும் படாத கறுப்பும் சாம்பலாகிவிடும். வழிந்து போன பந்த ஒளியை மட்டும் எந்தக் கோலாலும் மீட்க முடியாது, அந்த எண் ஒளிப்படத்திலேயே இல்லை.