முதலில் கடிதம், பிறகு விண்ணப்பம்

மத்திய அரசு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர் ஒருவர், அக்டோபரில் தொடங்கும் ஜெர்மன் முதுகலைப் படிப்புக்கு முயல்கிறார். பல பல்கலைக்கழகங்களில் கடைசித் தேதி ஜூலை 15. தடையின்மைச் சான்று கேட்கும் கடிதத்தை அவர் ஜூன் கடைசியில் கொடுத்தால், கோப்பு விஜிலென்ஸ் பிரிவிலேயே தூங்கிவிடும். மார்ச்சிலேயே கொடுப்பது நல்லது.

கடிதத்தில் படிப்பு, பல்கலைக்கழகம், காலம் மூன்றும் வேண்டும். ‘மேற்படிப்புக்கு’ என்று மொட்டையாக எழுதினால் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். இந்தச் சான்று விண்ணப்பிக்க மட்டுமே, விடுப்பு அல்ல. படிப்பு விடுப்புக்குப் பொதுவாக 5 ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து வேலை பார்ப்பதாகப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். மூன்றே ஆண்டு பணியாற்றியவருக்குச் சான்று கிடைத்தாலும் அந்த விடுப்பு கிடைப்பது கடினம்.