காரிடாரில் ஒரே ஆளை ஒரே நாளில் 6 முறை பார்த்தால் என்ன சொல்வது? 'குட் மார்னிங்' தீர்ந்த பிறகு என்ன செய்வது?

காலையில் 'குட் மார்னிங்க்கா' சொல்லியாச்சு. அரை மணி நேரத்தில் அதே அக்கா கையில் ஃபைலோடு எதிரே வருகிறார். மறுபடியும் குட் மார்னிங்கா? இல்ல, போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கலாமா?

சின்ன விஷயம்தான். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது சின்னதாக முடிவதில்லை. நாலு முறை தலையைக் குனிந்து போனால், 'அந்தப் பையனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்' என்ற பேச்சு டீ டேபிளில் கிளம்பிவிடும். ஒவ்வொரு முறையும் நின்று நலம் விசாரித்தாலோ, 'ஐயோ, மறுபடியும் வர்றான்' என்று ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே என்ன வழி? பார்க்கலாம்.

முதல் வணக்கம் என்ன வேலை செய்கிறது?

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், 1971இல் வெளியான 'ரிலேஷன்ஸ் இன் பப்ளிக்' நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை எளிமையாகச் சொன்னால், வணக்கம் என்பது ஒரு கதவைத் திறப்பது போன்றது. 'இனி நாம் பேசிக்கொள்ளலாம், நமக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று இருவரும் உறுதி செய்துகொள்கிறார்கள்.

கதவு திறந்த பிறகு அதே கதவை மறுபடி மறுபடி திறக்க முடியாது. இரண்டாவது 'குட் மார்னிங்' அசட்டுத்தனமாகத் தெரிவது இதனால்தான். அதற்காக ஒன்றுமே செய்யாமல் போகவும் முடியாது. காலையில் சிரித்தவர் மதியம் முகம் திருப்பினால், 'நடுவுல என்ன ஆச்சு?' என்று எதிராளி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் குறைந்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது வணக்கம் படிப்படியாகச் சுருங்குகிறது. வார்த்தை சிரிப்பாகும், சிரிப்பு தலையசைப்பாகும். வெவ்வேறு வார்த்தைகளைத் தேடி அலைவதை விட, அளவைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் இயல்பு.

7 விநாடிக் கணக்கு

20 மீட்டர் நீளமுள்ள காரிடாரின் இரு முனைகளிலிருந்தும் இருவர் நடந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நடை விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர். இருவரும் எதிரெதிரே வருவதால் இடைவெளி விநாடிக்கு 2.8 மீட்டர் குறையும். ஆக, பார்த்ததிலிருந்து கடந்து போகும் வரை சுமார் 7 விநாடி. அந்த 7 விநாடியும் கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான சங்கடம்.

இதற்கு ஒரு வழக்கம் ஏற்கெனவே நம் எல்லோரிடமும் இருக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் வரவேற்பதைப் படம்பிடித்து ஆராய்ந்த ஆடம் கெண்டன், ஆண்ட்ரூ ஃபெர்பர் இருவரும் 1973இல் அதை விவரித்தார்கள். மனிதர்கள் தூரத்தில் ஒருமுறை பார்த்து அடையாளம் காட்டிக்கொள்கிறார்கள். நெருங்கி வரும்போது பார்வையை வேறு பக்கம் திருப்புகிறார்கள். பக்கத்தில் வந்ததும் மறுபடி பார்க்கிறார்கள்.

காரிடாரிலும் இதேதான். தூரத்தில் பார்த்ததும் லேசாகப் புருவத்தை உயர்த்துங்கள். பிறகு நோட்டீஸ் போர்டையோ ஜன்னலையோ பாருங்கள், தப்பில்லை. மூன்று மீட்டர் நெருக்கத்தில், அதாவது நாலைந்து அடி வைக்கிற தூரத்தில், முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். அப்போது கையில் இருப்பது ஒரே ஒரு விநாடி. 'வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?' என்ற கேள்வி அதில் அடங்காது. பதில் சொல்ல அவர் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள், 6 சந்திப்பு

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதையே கேள்வியாகக் கேட்பது நம் பழக்கம். கையில் டம்ளரோடு போகிறவரிடம் 'என்ன, டீக்கா?' என்போம். தகவல் தெரிந்துகொள்ள இப்படிக் கேட்பதில்லை. உறவை ஒரு தொடு தொட்டு வைக்கிறோம், அவ்ளோதான். இத்தகைய பேச்சை மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923லேயே தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்.

கணக்குப் பிரிவு அக்காவையும், புதிதாகச் சேர்ந்த இளைஞரையும் எடுத்துக்கொள்வோம்.

காலை 9:40: 'குட் மார்னிங்க்கா.' முழு வணக்கம். இன்று திறந்தாயிற்று.

10:15: சிரிப்பு மட்டும். பார்த்து அரை மணி நேரம்தான் ஆகிறது, வார்த்தை தேவையில்லை.

11:20: அக்கா கை நிறைய ஃபைல். 'என்னக்கா, ஆடிட்டா?' 'ஆமாப்பா!' நடை நிற்கவில்லை.

11:25: அதே அக்கா திரும்பி வருகிறார். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். தலையசைப்பு போதும். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் புருவம் உயர்த்தினாலே போதும்.

மதியம் 1:30: 'சாப்டாச்சாக்கா?' இடைவெளி இரண்டு மணி நேரம், பொழுதும் மாறிவிட்டது. அதனால் அளவு மறுபடி கொஞ்சம் கூடுகிறது.

மாலை 5:45: 'வர்றேன்க்கா.' காலையில் திறந்த கதவை மூடியாச்சு.

ஆறில் வார்த்தை வந்தது நாலு முறைதான். அந்த நாலும் அந்தந்த நேரத்தில் கண்ணெதிரே இருந்ததைப் பற்றியவை. முன்கூட்டியே யோசித்து வைத்த வசனம் எதுவும் இல்லை.

எங்கே சொதப்பும்?

'மறுபடியும் நீங்களா!' என்ற ஜோக் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் செல்லும். இரண்டாம் முறை எதிராளியின் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், கண்ணுக்குப் போகாது. அது தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

எடை, உடை, முகச்சோர்வு பற்றிய பேச்சு காரிடாருக்கு ஆகாது. 'என்ன டல்லா இருக்கீங்க?' என்று கேட்டுவிட்டு நடந்து போவது, பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் குறை சொல்வது போல ஆகிவிடும். 'அந்த பில் என்னாச்சு?' என்பதும் அப்படித்தான். இரண்டு முறை இதைக் கேட்டால், மூன்றாவது முறை அவர் உங்களைப் பார்த்ததும் வேறு வழியில் திரும்பிவிடுவார்.

அவர் போனில் இருந்தாலோ, மேலதிகாரியோடு பேசிக்கொண்டு வந்தாலோ வார்த்தை வேண்டாம். சின்னத் தலையசைப்பு, அதற்கும் அவர் பதில் தராவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எப்போது சுருக்கக் கூடாது?

மீட்டிங்கில் இருவருக்கும் வாக்குவாதம் நடந்திருந்தால், அடுத்த சந்திப்பில் கணக்கு மாறிவிடும். அன்று மூன்றாவது முறையாகப் பார்த்தாலும் வெறும் தலையசைப்பு, கோபமாகத்தான் படிக்கப்படும். முகம் பார்த்து 'டீ குடிக்கப் போறீங்களாக்கா?' என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வது, 'அது மீட்டிங்கோடு முடிந்தது' என்று சொல்லாமல் சொல்லும். அலுவலகத்துக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தாலும் முழு வணக்கம்தான். இடம் மாறினால் கதவைப் புதிதாகத் திறக்க வேண்டும்.

சரி, 'வர்றேன்க்கா' சொல்லிவிட்டுப் போனவர், லிஃப்ட் வாசலில் மறுபடி அதே அக்காவிடம் மாட்டினால்? இன்னொரு முறை விடை பெறத் தேவையில்லை. 'லிஃப்ட் இன்னும் வரலையா?' என்று கேளுங்கள். கண்ணெதிரே இருப்பதும் அதுதானே.